பன்னிரண்டாவது நிமிடத்தில் கேமரா ஏன் நிற்கிறது?

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் மிக நீளமான உருப்படி வர்ணம். பெரும்பாலும் அரைமணி நேரம் எடுக்கும். முக்கால் மணி வரை போவதும் உண்டு. வீடியோ எடுப்பவர் டிஎஸ்எல்ஆர் கேமராவை ஸ்டாண்டில் பூட்டுகிறார். பேட்டரி நிறைந்திருக்கிறது, 32 ஜிபி கார்டு காலியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு ரெக்கார்டிங் பொத்தானை அழுத்துகிறார். மேடையில் ஜதி சூடுபிடிக்கும் நேரத்தில் திரையைப் பார்த்தால் சிவப்புப் புள்ளியைக் காணோம். பதிவு நின்றிருக்கிறது. கார்டில் இன்னும் இருபத்தைந்து ஜிபிக்கு மேல் இடம் கிடக்கிறது, கேமராவும் சூடாகவில்லை. பொத்தானை மறுபடி அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் பதிவு தொடங்குகிறது. இடையில் போன ஆட்டம் போனதுதான்.

இப்படி நடந்தால் பலரும் முதலில் கார்டைச் சந்தேகிப்பார்கள், அடுத்து கேமராவை சர்வீஸுக்குக் கொடுப்பார்கள். இரண்டிலும் பழுது இருக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க, நின்றுபோன பதிவைக் கணினியில் போட்டு இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும்: அது எத்தனை நிமிடம் ஓடுகிறது, அந்தக் கோப்பு எத்தனை ஜிபி.

கோப்பின் அளவு 4 ஜிபிக்கு மிக அருகில் இருந்தால், நிறுத்தியது கார்டின் கோப்பு முறை. அளவு எதுவாக இருந்தாலும் ஓடும் நேரம் சரியாக 29 நிமிடம் 59 விநாடி என்றால், அது கேமராவை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்த எல்லை. அளவும் நேரமும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால், அதிலும் தொடங்கிய சில விநாடிகளிலேயே நின்றால், கார்டின் எழுதும் வேகம் போதவில்லை என்று முதலில் நினைக்கலாம். அந்தக் கடைசி வகை, வேகமான புதிய கார்டு வாங்கினால் தீரும் என்று நம்பத் தகுந்தது. வர்ணத்தை வெட்டுவது பெரும்பாலும் முதல் வகை.

நான்கு பைட்டுக்குள் அடங்காத எண்

மெமரி கார்டில் படத்தையும் வீடியோவையும் எங்கே வைத்தோம், அவை எவ்வளவு பெரியவை என்ற கணக்கை எழுதிவைக்கும் முறைக்குக் கோப்பு முறை என்று பெயர். 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகளுக்கு விதிக்கப்பட்டிருப்பது ஃபேட்32. விண்டோஸ் 95-இன் பிற்காலப் பதிப்போடு 1996-இல் வந்தது இது. கேமராவும் கணினியும் டிவியும் எல்லாமே படிக்கும் என்பதால் அன்றிலிருந்து இன்றுவரை அசையாமல் இருக்கிறது.

ஃபேட்32-இல் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. அதில் முதல் பதினோரு பைட் கோப்பின் பெயருக்கு: எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு. கேமரா தரும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். `MVI_0412.MOV` என்பதில் புள்ளிக்கு முன் எட்டு, பின் மூன்று. அந்தப் பழைய அளவுக்குள் அடங்கும்படிதான் கேமராக்கள் இன்னும் பெயர் வைக்கின்றன. பெயருக்குப் பிறகு தேதி, நேரம், கோப்பு கார்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது போன்ற விவரங்கள் வரும். கடைசி நான்கு பைட்டில் கோப்பின் அளவு எழுதப்படுகிறது.

பிரச்சினை அந்த நான்கு பைட்டில்தான். வங்கிச் செலானில் தொகை எழுத ஒன்பது கட்டம் மட்டும் அச்சிட்டிருந்தால், கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும் நூறு கோடி ரூபாயை அதில் எழுத முடியாது. இங்கே நடப்பதும் அதுவே. ஒரு பைட்டில் 256 விதமான மதிப்புகளை வைக்கலாம். நான்கு பைட்டில் 256-ஐ நான்கு முறை பெருக்கிய அளவு வைக்கலாம். பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குவதால் அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. ஒரு கோப்பு அத்தனை பைட்டைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் ஒரு பைட் வந்தாலும் அதன் அளவைக் குறித்துவைக்க இடமில்லை. கார்டில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் பயனில்லை. கேமரா அந்தக் கோப்பை முடித்தே ஆகவேண்டும்.

நாம் 4 ஜிபி என்று சொல்வது இந்த எண்ணைத்தான். விண்டோஸில் இத்தகைய கோப்பு 3.99 ஜிபி என்றோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ தெரியும். ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடும் மேக் கணினியில் 4.29 ஜிபிக்கு அருகில் காட்டும். இரண்டும் ஒரே கோப்புதான்.

எத்தனை நிமிடத்தில் நிரம்பும்?

எல்லை அளவில் இருக்கிறதே தவிர நேரத்தில் இல்லை. அதனால் எந்தத் தரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து நிற்கும் நிமிடம் மாறும். கேமராவின் கையேட்டில் வீடியோ தரத்துக்கு எதிரே விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று போட்டிருப்பார்கள். அதை எட்டால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை எம்பி எழுதப்படுகிறது என்பது கிடைக்கும். 4,295-ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை விநாடி ஓடும் என்று தெரிந்துவிடும்.

விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 6.25 எம்பி. 4,295-ஐ 6.25-ஆல் வகுத்தால் 687 விநாடி, அதாவது ஏறக்குறைய பதினொன்றரை நிமிடம். அதே கேமராவில் 4கே-க்கு மாற்றி 100 மெகாபிட்டில் எடுத்தால் ஆறு நிமிடம்கூட வராது. தரத்தை 28 மெகாபிட்டுக்குக் குறைத்தால் இருபது நிமிடம் தாண்டும்.

இந்தக் கணக்கு உச்ச வேகத்துக்கானது. பல கேமராக்கள் காட்சிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதுகின்றன. பின்னால் கறுப்புத் திரை, முன்னால் அசையாமல் நின்று பாடும் ஒருவர் என்றால் கோப்பு மெதுவாக வளரும். ஜரிகைப் புடவையும் மின்னும் விளக்கும் வேகமான அடவும் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பும். ஒத்திகையில் பதினைந்து நிமிடம் ஓடிய கேமரா மேடையில் பன்னிரண்டிலேயே நிற்பது இதனால்தான்.

நிற்கும் கேமரா, தொடரும் கேமரா

2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2, டிஎஸ்எல்ஆரில் முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய கேமரா. அதில் எச்டி பதிவு நிமிடத்துக்குச் சுமார் 330 எம்பி எடுக்கும். ஆகவே பன்னிரண்டு நிமிடத்தில் 4 ஜிபி நிரம்பி, பதிவு நின்றுவிடும். ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் ஓர் அத்தியாயத்தையே 2010-இல் அந்தக் கேமராவில் எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிட எல்லை சினிமாக்காரர்களுக்குப் பெரிய தடையாகப் படவில்லை. ஆயிரம் அடி நீளமுள்ள 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருளே பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் ஷாட்டை முடிப்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். கச்சேரியையும் முகூர்த்தத்தையும் மேடைப் பேச்சையும் எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களால் யாரையும் நிறுத்தச் சொல்ல முடியாது.

4 ஜிபி ஆனதும் அடுத்த கோப்பைத் திறந்து எழுதினால் என்ன? அதுதான் பிறகு வந்த தீர்வு. 2012-இல் வந்த 5டி மார்க் 3, பதிவை நிறுத்தாமல் தானே புதிய கோப்புக்குத் தாவியது. சொல்வது எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல. எம்பி4, எம்ஓவி வகைக் கோப்புகளில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுவார்கள். முதல் கோப்பின் அட்டவணையை எழுதி மூடி, இரண்டாவதைத் திறப்பதற்குள் சென்சாரிலிருந்து அடுத்தடுத்த சட்டகங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ளக் கேமராவுக்குள் போதிய நினைவகம் வேண்டும், கார்டும் பின்தங்காமல் எழுத வேண்டும்.

உங்கள் கேமரா எந்த ரகம் என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். நீளமான பதிவு ஒன்றை எடுத்தபின் கார்டைத் திறந்து பாருங்கள். கிட்டத்தட்ட 4 ஜிபி அளவில் வரிசையாகக் கோப்புகளும் கடைசியில் ஒரு சிறிய கோப்பும் இருந்தால், அது தொடரும் கேமரா. நாற்பது நிமிட வர்ணத்தை 50 மெகாபிட்டில் எடுத்தால் பதினொன்றரை நிமிடத்தில் மூன்று கோப்புகளும், ஐந்தரை நிமிடத்தை ஒட்டி ஒன்றும் ஆக நான்கு இருக்கும். ஒன்றும் தொலையவில்லை, துண்டாகியிருக்கிறது, அவ்வளவே.

துண்டுகளைச் சேர்ப்பது

சேர்ப்பதற்கு முன் வரிசையைச் சரிபார்க்க வேண்டும். பல கேமராக்கள் அடுத்தடுத்த எண்ணாகக் கொடுத்துவிடுவதால் குழப்பம் இல்லை. கோப்ரோ கேமராவில் மட்டும் கவனம் தேவை. அதில் ஒரே பதிவின் துண்டுகள் `GX010123.MP4`, `GX020123.MP4`, `GX030123.MP4` என்று வரும். கடைசி நான்கு இலக்கம் பதிவின் எண், நடுவில் உள்ள இரண்டு இலக்கம் துண்டின் எண். பெயர் வரிசையில் அடுக்கினால், அடுத்த பதிவான `GX010124.MP4` இவற்றுக்கு நடுவே புகுந்துவிடும். கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்துக் குழு பிரித்த பிறகே எதையும் செய்ய வேண்டும்.

சில ஹேண்டிகேம்களும் கேமராக்களும் ஏவிசிஎச்டி முறையில் `MTS` என்று முடியும் கோப்புகளைத் தருகின்றன. இவற்றில் ஒலியின் ஒரு சிறு பகுதி முதல் துண்டின் முடிவிலும் மீதி அடுத்த துண்டின் தொடக்கத்திலும் கிடக்கும். எடிட்டிங்கில் தனித்தனியாகப் போட்டு ஒட்டினால் இணைப்பில் ஒலி ஒரு கணம் விட்டுப்போவது அதனால்தான். கார்டில் உள்ள மொத்த `PRIVATE` கோப்புறையையும் அப்படியே நகலெடுத்து, எடிட்டிங் மென்பொருளின் இம்போர்ட் வழியாக உள்ளே கொண்டுவந்தால், ஏவிசிஎச்டியை முறையாகப் படிக்கும் மென்பொருள் துண்டுகளைத் தானே பொருத்திக்கொள்ளும். துண்டுகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன என்றால் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரியில் சேர்க்கலாம்:

```
copy /b 00000.MTS+00001.MTS varnam.MTS
```

எம்பி4, எம்ஓவி கோப்புகளுக்கு இந்த வழி உதவாது. ஒவ்வொரு துண்டும் தன் அட்டவணையோடு தனியாக இருப்பதால், இப்படி ஒட்டினால் முதல் துண்டு மட்டுமே ஓடும். இவற்றுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல் பொருத்தமானது. துண்டுகளின் பெயரை வரிசையாக `list.txt` என்ற கோப்பில் எழுத வேண்டும்:

```
file 'GX010123.MP4'
file 'GX020123.MP4'
file 'GX030123.MP4'
```

பிறகு அதே கோப்புறையிலிருந்து இந்தக் கட்டளை:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy varnam.mp4
```

இதில் `-c copy` என்பது முக்கியம். வீடியோவை மறுபடி சுருக்காமல் உள்ளதை உள்ளபடி எடுத்து வைக்கச் சொல்வது அது. தரம் குறையாது, சில நிமிடங்களில் முடிந்தும்விடும். சேர்த்தபின் இணைப்பு விழும் இடத்துக்குப் போய் மிருதங்கத்தையும் நட்டுவாங்கத் தாளத்தையும் காதால் கேளுங்கள். கண் கவனிக்காத இடைவெளியைக் காது பிடித்துவிடும். அது சரியாக இருந்த பிறகே கார்டை அழிக்கலாம்.

64 ஜிபி கார்டு போட்டால்?

நான்கு பைட் என்ற எல்லையை உடைக்க, கோப்பின் அளவுக்கு எட்டு பைட் ஒதுக்கும் எக்ஸ்ஃபேட் முறையை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு அதுவே விதியானது. எட்டு பைட்டில் எழுதக்கூடிய எண்ணைத் தொடும் அளவுக்கு எந்தக் கேமராவும் பதிவு செய்யப்போவதில்லை. எனவே எக்ஸ்ஃபேட்டை முழுமையாகப் பயன்படுத்தும் கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டாலே, நாற்பது நிமிட வர்ணம் ஒரே கோப்பாக வந்துவிடும்.

இங்கே இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேமராவுக்குள் ஃபார்மேட் செய்யும்போது, பொதுவாக அது கார்டின் கொள்ளளவைப் பார்த்தே முறையைத் தேர்ந்தெடுக்கும்: 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். 32 ஜிபி கார்டைக் கணினியில் எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக் கொண்டுபோனாலும், அடுத்த முறை கேமராவில் ஃபார்மேட் செய்தவுடன் பழையபடி ஆகிவிடும். கணினியில் கார்டின் ப்ராபர்டீஸைத் திறந்தால் `FAT32` அல்லது `exFAT` என்று தெளிவாகக் காட்டும். சந்தேகம் வந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எக்ஸ்ஃபேட் கார்டு போட்டாலும் சில கேமராக்கள் துண்டு துண்டாகவே எழுதும். அதிலும் ஒரு நன்மை உண்டு. பதிவின் நடுவே பேட்டரி கழன்றால், அட்டவணை எழுதப்படாத கோப்பு திறக்காமல் போகலாம். ஒரே கோப்பாக இருந்தால் முழு வர்ணமும் ஆபத்தில். துண்டாக இருந்தால் கடைசித் துண்டு மட்டும்தான்.

இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி

கார்டை மாற்றிய பிறகும் சில கேமராக்கள் சரியாக அரைமணி நேரத்துக்கு ஒரு விநாடி முன்னால் நிற்கும். இதற்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, குறிப்பிட்ட தரத்தில் தொடர்ந்து முப்பது நிமிடமோ அதற்கு மேலோ வீடியோ எடுக்கும் கருவி வீடியோ கேமரா என்று கொள்ளப்பட்டது. வீடியோ கேமராவுக்கு 4.9 சதவீத இறக்குமதி வரி, புகைப்படக் கேமராவுக்கு வரியில்லை. தங்கள் கேமரா புகைப்படக் கேமராவாகவே சுங்கத்தைக் கடக்கட்டும் என்று நிறுவனங்கள் அந்த ஒரு விநாடியைக் குறைத்துக்கொண்டன. ஐரோப்பாவுக்காக வைத்த எல்லை, அதே கேமராவை வாங்கிய மற்ற நாட்டுக்காரர்களுக்கும் பெரும்பாலும் வந்து சேர்ந்தது.

உலக வர்த்தக அமைப்பில் 2015-இல் முடிவான தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தின்படி இந்த வரி படிப்படியாகக் குறைந்து 2019-இல் நீங்கியது. அதை ஒட்டி வந்த பல கேமராக்களில், 2019-இன் சோனி ஏ6400 போன்றவற்றில், அரைமணி எல்லை இல்லை. அதற்கு முன் வந்த கேமராவை இன்னும் வைத்திருப்பவர்கள் இந்த எல்லையைக் கணக்கில் கொண்டே திட்டமிட வேண்டும். இங்கே கேமரா தானே அடுத்த கோப்புக்குத் தாவாது. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும்.

பென் டிரைவில் மறுபடி அதே சுவர்

வீடியோவைச் சேர்த்து முடித்து, குடும்பத்தாருக்குக் கொடுக்கும் நேரத்தில் அந்த 4 ஜிபி திரும்பவும் வந்து நிற்கும். 15 ஜிபி கோப்பை 64 ஜிபி பென் டிரைவில் போட்டால், இந்தக் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுக்கும். பென் டிரைவில் இடம் போதாமல் அல்ல. அது ஃபேட்32-ஆக இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் நகல் ஆகிவிடும். ஃபார்மேட் செய்யும்போது அதிலுள்ள எல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் எடுத்துவைக்க வேண்டும்.

வாங்குபவரின் டிவி பழையது என்றால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமலும் போகலாம். அப்போது பென் டிரைவை ஃபேட்32-ஆகவே விட்டு, நிகழ்ச்சியை உருப்படி வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் வருமாறு சற்றுக் குறைந்த வேகத்தில் ஏற்றுமதி செய்வது நல்லது. நாற்பது நிமிட வர்ணத்தை விநாடிக்கு 12 மெகாபிட்டில் எடுத்தால் 3.6 ஜிபி ஆகும். வீட்டு டிவியில் பார்க்க அந்தத் தரம் தாராளம்.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு சோதனை

நிற்கும் ரகக் கேமராவையும் வைத்துக்கொண்டு நீண்ட நிகழ்ச்சியை முழுதாக எடுக்கலாம். இரண்டு கேமரா இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கக் கூடாது. ஒன்றைத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து மற்றதைத் தொடங்கினால், ஒன்று நிற்கும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கேமரா என்றால், எல்லை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஓர் இடைவெளி பார்த்து நிறுத்தித் தொடங்க வேண்டும். ஒரு ஜதி முடிந்து நடனமணி பின்னால் நடந்துபோகும் சில விநாடிகள் அதற்குப் போதும். கூடவே தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை முழு நேரமும் ஓடவிட்டால், படம் ஒரு விநாடி விட்டாலும் பாட்டு விடாது.

இவ்வளவுக்கும் அடிப்படை, உங்கள் கேமரா எத்தனையாவது நிமிடத்தில் நிற்கும் என்று முன்னரே தெரிந்திருப்பது. அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நிகழ்ச்சிக்கு எடுத்துப்போகும் அதே கார்டு, அதே தரம், முழு பேட்டரி. சுவரை நோக்கி வைத்தால் கோப்பு மெதுவாக வளர்ந்து தவறான கணக்கைத் தரும். அதனால் வாகனம் ஓடும் தெருவையோ, நடனக் காட்சி ஓடும் டிவியையோ நோக்கி வைத்து நாற்பது நிமிடம் ஓடவிடுங்கள். முடிந்ததும் எத்தனை கோப்பு வந்தது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எத்தனை ஜிபி என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோப்பு நீங்களே நிறுத்தியது என்றால் அதை விட்டுவிட்டு, மற்றவற்றில் மிகக் குறைந்த நிமிடத்திலிருந்து ஒன்றைக் கழித்து, கிடைத்த எண்ணைக் கேமராப் பையில் எழுதி ஒட்டிவிடுங்கள். அன்று கேமராவுக்குப் பின்னால் யார் நின்றாலும், அந்த நிமிடம் வருமுன் பொத்தானில் கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.